மோமான் என்றால் திருப்பம்

நேர்கோட்டில் போகும் துணிக்கைக்கும் கோண உந்தம் உண்டு என்பதை நான் ஊரில் பத்தொன்பது உயர்தர வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். பத்தொன்பதிலும் யாராவது ஒருவர் எழுந்து, அநேகமாகக் கடைசி வரிசை வாங்கிலிருந்து, அதே கேள்வியைக் கேட்பார். "சேர், நேராப் போற சாமானுக்கு எங்கால கோணம்?"

கேட்காத வகுப்பு இருந்ததில்லை. கேட்டால்தான் பாடம் தொடங்கும் என்று நானும் காத்திருப்பேன். வீதியின் ஓரத்திலே நீ நிற்கிறாய், பஸ் நேரே போகிறது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உன் கழுத்து திரும்புகிறதா இல்லையா என்று கேட்பேன். பஸ் தூரத்தில் வரும்போது கழுத்து மெல்லத் திரும்பும். எதிரே வந்ததும் வெடுக்கென்று திரும்பும். கடந்து போனபின் மறுபடி மெல்ல. பஸ் திரும்பவில்லை, உன்னிலிருந்து அதற்குப் போகும் கோடுதான் திரும்புகிறது. அது தூரத்தில் இருக்கும்போது கோடு நீளம், திரும்பும் வேகம் குறைவு. கிட்டே வரும்போது கோடு குட்டை, திரும்பும் வேகம் அதிகம். ஒன்று கூட, மற்றது குறைய, கோண உந்தம் மாறாமல் இருக்கும். திணிவை வேகத்தால் பெருக்கி, அதை உன்னிலிருந்து பாதைக்கு உள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் அதன் அளவு வரும். நீ வீதியின் நடுவிலேயே, பஸ் போகும் கோட்டின் மேலேயே நின்றால் அந்தத் தூரம் பூச்சியம், கோண உந்தமும் பூச்சியம். அப்போது உன் கழுத்து திரும்பத் தேவையில்லை, அதற்குப் பிறகு எதற்குமே தேவையில்லை என்பேன். வகுப்பு சிரிக்கும். பத்தொன்பது தடவையும் சிரித்தார்கள்.

இதை இவ்வளவு விளக்கமாக எழுதுவதற்குக் காரணம், இந்த விஷயம் எனக்குத் தெரியாது என்று மொன்றியலில் ஒரு கல்விக்கூடம் முடிவு செய்தது. அந்த முடிவு எங்கோ ஒரு கோப்பில் இன்னமும் இருக்கும். அதைத் திருத்த எனக்கு வழி கிடைக்கவில்லை.

நாங்கள் அகதிகளாக வந்து பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்த காலம். நான் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ்ச் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்தேன். இரண்டு பேர் எதிரெதிரே நின்று நுனிகளைப் பிடித்து மடிப்போம். என் எதிரே நின்றவர் போர்த்துக்கீசர். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவருடையது தெரியாது. விரிப்புகளை எண்ணுவதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனோம். மனைவி குளிர்கால மேலங்கி தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் கொலர் பிரிவில் இருந்தாள். கொலர் என்பது அங்கே நல்ல இடம். கனமான துணி இல்லை, யன்னலுக்குப் பக்கம், மேற்பார்வைக்காரி தானே தெரிந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். அப்படி இருந்தும் மனைவியின் வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து அதன் கீழே கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அந்தக் கல்விக்கூடத்து வேலை விஷயத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் கீழ்மாடியில் இருந்த திருகோணமலைக்காரர். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், இங்கே கட்டடங்கள் துப்புரவு செய்தார். தெருப் பிரெஞ்சை எங்கள் எல்லோரையும் விட வேகமாகப் பிடித்துக்கொண்டார். செயின்ட்-மிஷேல் பக்கம் அவர் கூட்டுகிற ஒரு வளர்ந்தோர் கல்விக்கூடத்தின் அறிவித்தல் பலகையில், மாலை வகுப்புக்குப் பௌதிக ஆசிரியர் தேவை என்று கண்டு வந்திருந்தார்.

"மாஸ்ரர், உங்களுக்கெண்டே ஒட்டியிருக்கிறாங்கள். நான் கழட்டிக்கொண்டு வரப் பார்த்தன். பிறகு கூட்டுறவன் களவெடுத்தான் எண்டு சொல்லுவாங்களெண்டு விட்டிட்டன்."

"பிரெஞ்சில எல்லோ படிப்பிக்க வேணும்?"

"பௌதிகத்துக்கு என்ன பிரெஞ்சு? பலகையில எழுதுங்கோ, கையைக் காட்டுங்கோ. நான் ஒரு சொல்லுத் தெரியாமலே இஞ்ச எத்தினை பேரோட சண்டை பிடிச்சிட்டன்."

என் சான்றிதழ்களின் பிரதிகளைப் பார்த்து, கல்விக்கூடம் என்னை ஒரு மாதிரிப் பாடத்துக்கு அழைத்தது. அங்கே போனதும் ஒரு தலைப்புத் தருவார்கள். சிறிது நேரம் யோசித்துவிட்டு, இரண்டு பரீட்சகர்கள் முன்னால் நின்று அதைப் பலகையில் படிப்பிக்க வேண்டும். அவ்வளவுதான்.

நூலகத்திலிருந்து ஒரு பிரெஞ்சுப் பௌதிகப் புத்தகத்தை எடுத்து வந்தேன். அது ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த புத்தகம் என்பது முன்பக்கத்திலேயே போட்டிருந்தது. அப்போது அது வசதியாகப் பட்டது. சொற்களைத் தமிழோடு சேர்த்துப் பாடமாக்கினேன். பிரெஞ்சில் உந்தத்துக்கு ஆங்கில மொமென்ரம் மாதிரி எதுவும் இல்லை. "கான்திதே த மூவ்மான்" என்கிறார்கள், அசைவின் அளவு என்ற பொருளில். கோண உந்தம் என்றால் அந்தப் புத்தகத்தில் அதோடு "ஆங்குலேர்" என்று ஒரு சொல் கூட. "மோமான்" வேறு. மோமான் என்றால் திருப்பம். ஒரு பொருளைச் சுழற்றப் பார்க்கும் விசையின் திருப்பத்துக்கும் மோமான், சடத்துவத் திருப்பத்துக்கும் மோமான். தமிழிலும் இரண்டுக்கும் திருப்பம் என்ற ஒரே சொல்தானே. பிரெஞ்சுக்காரரும் நம்மைப் போலவே பேர் வைத்திருக்கிறார்கள் என்று மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். "சினெத்திக்" என்றால் இயக்கம். இயக்கசக்தி என்ற இடத்தில் அந்தச் சொல்லைப் படித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருகோணமலைக்காரர் எங்கள் சமையலறைக் கதிரையில் பரீட்சகராக அமர்வார். கறிக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்.

"மோமான்?"

"திருப்பம்."

"சினெத்திக்?"

"இயக்கம்."

"மெஸ்யூ, உங்கட மூக்கு எங்களுக்குப் பிடிக்கேல்லை. வேலை இல்லை."

"உந்தக் கரண்டியை வையுங்கோ, கறி அடிப்பிடிக்குது," என்பாள் மனைவி. "படிப்பிக்கப் போறவரை விட சோதிக்கிறவர்தான் கூடச் சாப்பிடுறார்."

அந்தச் சமையலறையில் நாங்கள் மூவரும் வேலை கிடைக்கும் என்று நிச்சயமாக இருந்தோம். அவ்வளவு நிச்சயம் இருந்திருக்கக் கூடாது. மாதிரிப் பாடத்துக்கு முந்திய வாரம் மேற்பார்வைக்காரி மனைவியைக் கூப்பிட்டு, அடுத்த பருவத்துக்கும் கொலருக்கு இருப்பாயா, இல்லாவிட்டால் வேறு ஒருத்தியைப் பழக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். மனைவி பொய் சொல்ல அறியாதவள். இந்த மாதத்தோடு நிற்கப் போகிறேன், என் கணவர் பழையபடி ஆசிரியராகப் போகிறார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"அவசரப்பட்டிட்டீர்," என்றேன்.

"ஏன், உங்களுக்குப் பௌதிகம் தெரியாதோ?" என்றாள்.

அந்தக் கல்விக்கூடத்தின் வகுப்பறையில் ஆறு யன்னல், நான்கு வரிசை மேசை, பலகையின் அடியில் உடையாத வெண்கட்டி மூன்று. பரீட்சகர்களில் ஒருவர் நரைத்த தலைப் பெண், நிர்வாகத்தைச் சேர்ந்தவர். மற்றவர் பௌதிக ஆசிரியர், மெலிந்த மனிதர், பாரிஸில் படித்தவர் என்று பிறகு தெரிந்தது. அவர் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார். அதில் இருந்ததைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: நேர்கோட்டில் சீரான வேகத்தில் செல்லும் ஒரு துணிக்கையின் மோமான் சினெத்திக், அதன் பாதையில் இல்லாத ஒரு புள்ளியைப் பற்றி.

நேர்கோடு, பாதையில் இல்லாத புள்ளி. பார்த்த கணமே எனக்குக் கண் பனித்தது. என் பஸ், என் வீதி ஓரம். ஆனால் கேட்டிருந்தது மோமான். மோமான் என்றால் திருப்பம். சினெத்திக் என்றால் இயக்கம். இயங்குகிற துணிக்கை மீதுள்ள திருப்பம் என்று பொருள் எடுத்தேன். கோண உந்தத்தைக் கேட்பதானால் கான்திதே என்று கேட்டிருப்பார்கள் அல்லவா? சந்தேகமே வரவில்லை. வந்திருந்தால் கேட்டிருப்பேன். நான் சந்தேகப்பட்டே வாழ்ந்தவன், கதவைப் பூட்டினால் இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறவன். அன்று அந்த ஒரு சொல்லை இழுத்துப் பார்க்கவில்லை.

பலகையில் கோட்டை வரைந்தேன். கோட்டுக்கு வெளியே O என்ற புள்ளி. O இலிருந்து துணிக்கைக்கு ஒரு கோடு, O இலிருந்து பாதைக்குச் செங்குத்து. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னேன். வேகம் மாறவில்லை, திசை மாறவில்லை. ஆகையால் துணிக்கையின் மேல் விளையுள் விசை இல்லை. விசை இல்லாவிட்டால் திருப்பம் இல்லை. செங்குத்துத் தூரம் எவ்வளவு இருந்தாலும் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம். மோமான் பூச்சியம் என்று எழுதி, அதைச் சுற்றி வட்டமும் போட்டேன்.

மெலிந்தவர் என் வட்டத்தைச் சுட்டிக் காட்டினார்.

"பூச்சியமா? இந்தப் புள்ளியைப் பற்றியா?"

"ஆம்."

"சரி. புள்ளியைக் கொண்டுபோய்ப் பாதையின் மேலேயே வைத்தால்?"

"அப்போதும் பூச்சியம்."

"அப்படியானால் புள்ளி எங்கே இருந்தாலும் ஒன்றா?"

"ஒன்றுதான். எங்கே வைத்தாலும் பூச்சியம்," என்றேன். கேள்வியில் அவர் பொறி வைக்கிறார், நான் விழவில்லை என்று உள்ளுக்குள் திருப்தி வேறு. அவர் எனக்குக் கை கொடுத்திருக்கிறார். இரண்டு தரம். நான் இரண்டு தரமும் தட்டிவிட்டேன்.

நரைத்த தலைப் பெண் ஏதோ எழுதினார். மெலிந்தவர் எழுந்து வந்தார். அடுத்தவருக்காகப் பலகையைத் துடைக்க வந்தவர், என் பூச்சியத்தை மட்டும் முதலில் துடைத்தார். அதன் இடத்தில் m, v, d என்று மூன்று எழுத்தைப் போட்டு, பக்கத்தில் "மாறிலி" என்று பிரெஞ்சில் எழுதினார். துணிக்கை ஒரு செக்கனுக்கு நகரும் தூரத்தை அடியாக வைத்து, O ஐ உச்சியாக்கி, பாதை நெடுக நாலு முக்கோணமும் கீறினார். எல்லாவற்றுக்கும் ஒரே அடி, ஒரே உயரம், ஆகவே ஒரே பரப்பு. நான் ஒவ்வொரு வருடமும் கீறிய அதே முக்கோணங்கள். அவர் என்னைவிடக் கோணலாகக் கீறினார்.

"ஆங்குலர் மொமென்ரம்," என்றேன் ஆங்கிலத்தில்.

"ஆம்," என்றார் அவர். "மோமான் சினெத்திக்."

நான் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். எனக்கு இது தெரியும், உங்கள் சொல்லைத்தான் வேறாக எடுத்தேன், திருப்பம் பூச்சியம் என்று நான் சொன்னது சரி, திருப்பம் பூச்சியமாக இருப்பதால்தானே கோண உந்தம் மாறாமல் இருக்கிறது, நான் சொன்னதற்கு அடுத்த வரிதான் நீங்கள் எழுதியது. பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு, நடுவில் தமிழும் வந்திருக்கலாம். அடுத்த விண்ணப்பதாரர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். நரைத்த தலைப் பெண் நன்றி என்றார்.

சில நாட்களில் தொலைபேசியில் சொன்னார்கள். அடிப்படைக் கருத்துகளில் குறை உள்ளது என்றார்கள். திருகோணமலைக்காரர்தான் தொலைபேசியை என் கையிலிருந்து எடுத்துக் கேட்டு, அந்த வசனத்தை எனக்குத் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தொலைபேசியை வைத்தார்.

"அடிப்படையில குறையாம்," என்றேன்.

"அவன்ர அடிப்படையில மண். எழும்புங்கோ மாஸ்ரர், போய்க் கதைப்பம். அவன் மதியம் தனிய இருந்து பாண் சாப்பிடுற இடம் எனக்குத் தெரியும்."

போனோம். மெலிந்தவர் ஆசிரியர் அறையில் இருந்தார். எங்களைக் கண்டு எழுந்து, கதிரை காட்டினார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் பின்னாளில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன், முக்கோணங்களையும் சேர்த்து. கோட்டில் இருந்தால் பூச்சியம், கோட்டுக்கு வெளியே இருந்தால் இவ்வளவு, மறுபக்கம் போனால் எதிர்க்குறி. நூலகப் புத்தகத்தில் வேறு சொல் இருந்தது என்பதைத் திருகோணமலைக்காரர் தன் தெருப் பிரெஞ்சில் விளக்கினார். பரீட்சகர் தாளை ஆறுதலாகப் பார்த்தார்.

"உங்களுக்கு இது தெரியும். நம்புகிறேன்," என்றார். "அந்தச் சொல்லும் இங்கே வழக்கில் உண்டு. ஆனால் எங்கள் மாணவர்களுடைய புத்தகத்தில் மோமான் சினெத்திக் என்றுதான் இருக்கிறது. பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறார்கள். ஒருவன் எழுந்து மோமான் சினெத்திக் எவ்வளவு என்று கேட்டால் நீங்கள் பூச்சியம் என்று சொல்லியிருப்பீர்கள். அவன் அதை எழுதிக்கொண்டு பரீட்சைக்குப் போவான். அவனுக்கு உங்களோடு வந்து கதைக்க இப்படி ஒரு நண்பர் இருக்க மாட்டார்."

திருகோணமலைக்காரர் அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. எல்லாம் விளங்கியது, ஒரு சொல் விடாமல். அதுதான் அந்த நாளின் கொடுமை. வேறொருவரை எடுத்தாயிற்று என்றும் சொன்னார். நான் தாளை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது மெத்ரோவில் திருகோணமலைக்காரர் கோபத்தில் இருந்தார்.

"நீங்கள் ஏன் ஒண்டும் திருப்பிச் சொல்லேல்லை?"

"அவர் சொன்னது சரி."

"என்ன சரி? உங்களுக்குத் தெரியும் எண்டு அவனே சொன்னான்."

"ஊரில ஒரு பிள்ளை உந்தத்தைக் கேக்கத் திருப்பத்தை எழுதிவிட்டால் நான் என்ன போட்டனான்? முட்டை. பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கும், சொல்லைத்தான் பிழையா வாசிச்சுது எண்டு நான் ஒருநாளும் யோசிக்கேல்லை. கேள்வியை வாசிக்கிறதும் பௌதிகம்தான் எண்டு ஏசியும் இருக்கிறன்."

அவர் பார்க் நிலையத்தில் இறங்கும்போது என் கைப்பையை வாங்கித் தான் கொண்டு வந்தார், அதில் கனமாக எதுவும் இல்லாதபோதும்.

மனைவி வேலையால் வந்திருந்தாள். குழாயின் கீழ் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரீட்சகர் சொன்னதைச் சொன்னேன். குழாயை மூடிவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

"அது என்ன சொல்லு? எனக்கு ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ," என்றாள்.

சொன்னேன். பஸ், வீதி ஓரம், கழுத்து. என் வாழ்க்கையில் அதை அவ்வளவு மோசமாக நான் விளக்கியதில்லை. அவள் கேட்டுக்கொண்டே மணிக்கட்டை அழுத்தினாள்.

"அப்ப வீதியில நிக்கிறவன் நகரவே இல்லை," என்றாள்.

"இல்லை. அவன் ஒரு புள்ளி."

"எண்டாலும் அவனை வச்சுத்தான் கணக்கு."

"ஓம்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். மேலங்கியை எடுத்து மறுநாள் காலைக்காகக் கதவடியில் கொழுவினாள். "நாளைக்கு முதல் வேலையா அவளோட கதைக்க வேணும்," என்றாள். மேற்பார்வைக்காரியைத்தான் சொன்னாள்.

கொலருக்கு அதற்குள் வேறொருத்தியைப் பழக்கத் தொடங்கிவிட்டார்கள். மேற்பார்வைக்காரி இரங்கியதாகத்தான் மனைவி சொன்னாள். வேலையை விட்டு நிறுத்தவில்லை, வேறு பிரிவில் இடம் கொடுத்தாள். மேலங்கிக்குப் பை தைக்கும் பிரிவு. நாலு மடிப்புக் கம்பளித் துணியை ஊசிக்குக் கீழே கையால் தள்ள வேண்டும், யன்னல் இல்லாத பக்கம். புதிதாகக் கொலருக்கு வந்த பெண்ணுக்கு முதல் வாரம் கழுத்து வளைவு சரியாக வரவில்லை என்றும், மேற்பார்வைக்காரி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுக்கச் சொன்னாள் என்றும், அவள் போய் யன்னலடியில் நின்று காட்டிக்கொடுத்துவிட்டுப் பை பிரிவுக்குத் திரும்பினாள் என்றும் அவளுடன் வேலை செய்த ஒரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் பிறகு எந்தக் கல்விக்கூடத்துக்கும் விண்ணப்பிக்கவில்லை. சலவை அறையில் விரிப்புகளை எண்ணினேன். மனைவி பைகள் தைத்தாள், மணிக்கட்டைச் சத்திரசிகிச்சை செய்யும் வரை, செய்த பிறகும். உன் கணவர் என்ன வேலைக்குப் போகிறார் என்று தொழிற்சாலையில் கேட்டபோது என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.